ஒரு வேளைக்கு அரை டம்ளர்தான் இறங்குகிறது: பாலில் பால் பவுடர் கலந்து சத்தைக் கூட்டுவது எப்படி?

மலர்க்கொடி

வணக்கம். என் மாமியாருக்கு 82 வயது. ஆறு மாதத்துக்கு முன் 46 கிலோ இருந்தார், இப்போது 42. பெரிய நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனையும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றன. தைராய்டு மாத்திரை ஒன்று, பிரஷர் மாத்திரை ஒன்று, அவ்வளவுதான். பிரச்சினை சாப்பாடுதான். காலையில் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி அரைக் கிண்ணம், மதியம் நாலைந்து வாய், மாலையில் கொஞ்சம் சூப், இரவில் ஒரு டம்ளர் பாலில் பாதி. நடுவில் இரண்டு முறை டீ. "போதும்மா" என்று கையை எடுத்துவிட்டால் அப்புறம் கெஞ்சினாலும் வாய் திறக்க மாட்டார்.

பாலில் பால் பவுடர் கலந்து கொடுத்தால் அளவு கூடாமல் சத்து கூடும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். வீட்டில் ஒரு டம்ளர் சூடான பாலில் நான்கு கரண்டி குவியலாகப் போட்டுக் கலக்கினோம். பாதி கட்டி கட்டியாக நின்றது. வடிகட்டிக் கொடுத்தோம். மறுநாள் வயிறு உப்பி, இரண்டு தடவை பேதி. இனி பாலே வேண்டாம் என்கிறார். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பா, அல்லது அளவுதான் தப்பா?

பாலு_எம்

பவுடரெல்லாம் எதற்கு? எடை கூட வேண்டுமென்றால் கொழுப்புதான் வழி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்தில் 4 தான். கஞ்சியில் ஒரு துண்டு வெண்ணெய், சூப்பில் க்ரீம். எங்கள் பெரியம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம், இரண்டு கிலோ ஏறினார். பேதியும் வராது, கட்டியும் தட்டாது.

செல்வி_உணவியல்

மலர், பேதிக்குக் காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. குவியலாக ஒரு மேசைக்கரண்டி என்றால் ஏறக்குறைய 15 கிராம் பவுடர். நான்கு கரண்டிக்கு 60 கிராம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி எடை லாக்டோஸ், அதாவது பாலின் சர்க்கரை. பவுடரிலிருந்து 30 கிராம், பாலிலிருந்து கிட்டத்தட்ட 10 கிராம், ஆக ஒரே டம்ளரில் 40 கிராம். நல்ல வயிறுள்ள வாலிபர்களுக்கே அது ஒரேயடியாக உள்ளே போனால் குடல் இரையும். பெரியவர்களில் பலருக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிட்டிருக்கும். அவர்களுக்கும் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரும்பாலும் தொல்லையில்லாமல் போகும். எனவே பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இரவில் அரை டம்ளர் சாதாரணப் பால் இத்தனை நாளும் ஒத்துக்கொண்டதுதானே.

வழக்கமான அளவு இதுதான்: அரை லிட்டர் முழுக் கொழுப்புள்ள பாலுக்கு 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். சாதாரணப் பால் அரை லிட்டரில் 17 கிராம் புரதம், 320 கலோரி. பவுடர் சேர்ந்ததும் 35 கிராம் புரதம், 500 கலோரி ஆகிவிடும். பானையில் இருக்கும் அளவு ஏறக்குறைய அதே அரை லிட்டர்தான். நினைவில் வைக்க எளிதாகச் சொன்னால், இந்தப் பாலில் 100 மில்லிக்கு 7 கிராம் புரதம், 100 கலோரி. ஒரு டம்ளர் பாலின் புரதம் அரை டம்ளருக்குள் வந்துவிடுகிறது. லாக்டோஸும் அப்படியே 100 மில்லிக்கு 10 கிராம் ஆகிறது. அதனால்தான் ஒரு வேளைக்கு 100 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறேன்.

கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். சில பவுடர்கள் உடனே கரைவதற்காகப் பொரிபொரியாகச் செய்யப்பட்டவை, அதே கரண்டிக்குப் பாதி எடைதான் இருக்கும். ஒரே ஒரு முறை தராசில் 50 கிராம் நிறுத்து, அது உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்க்கொடி

நன்றி மேடம். கட்டி தட்டாமல் கலப்பது எப்படி? பால் எப்படிச் சூடாக இருக்க வேண்டும்?

செல்வி_உணவியல்

கொதிக்கும் பாலில் பவுடரைக் கொட்டினால் வெளிப்புறம் உடனே ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் போகாது. கட்டியைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் காய்ந்த பவுடர் அப்படியே இருக்கும். வடிகட்டும்போது நீங்கள் எறிந்தது அதைத்தான், சத்தும் அதோடு போய்விட்டது.

பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். பவுடரைக் கிண்ணத்தில் போட்டு நாலைந்து கரண்டி பால் மட்டும் ஊற்றி, தயிர் பதத்துக்குக் குழையுங்கள். முள்கரண்டி அல்லது சின்ன மத்து இருந்தால் வேலை சுலபம். கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் போகும் வரை குழைத்துவிட்டு, மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் அன்றைக்கு முழுவதும் வரும். மறுநாளைக்குப் புதிதாகக் கலக்குங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைக் கொடுக்காதீர்கள். மறுபடி சுட வைக்கும்போது தேவையான 100 மில்லியை மட்டும் எடுத்துச் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள், இந்தப் பால் சாதாரணப் பாலைவிடச் சீக்கிரம் அடிபிடிக்கும்.

பாலு, நீங்கள் சொன்னதில் பாதி சரி. வெண்ணெய் 10 கிராமில் 70 கலோரிக்கு மேல் இருக்கிறது, எடைக்கு அது உதவும். ஆனால் புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். 82 வயதில் நான்கு கிலோ இறங்கினால் அதில் கணிசமான பங்கு தசை. கொழுப்பை மட்டும் கொடுத்தால் தராசு முள் ஏறும், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் திணறுவது அப்படியே இருக்கும். பாலைச் செறிவாக்கிவிட்டு அதன் மேல் வெண்ணெயும் சேருங்கள், நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.

சாரதா_ஆர்

நாங்களும் அப்பாவுக்கு இதே பவுடர்தான் கொடுக்கிறோம், மூன்று வேளையும். எடை ஒன்றும் ஏறவில்லையே! டப்பாவில் போட்டபடி வெந்நீரில்தான் கலக்குகிறோம். கொழுப்பு நீக்கியது என்பதால் இதயத்துக்கும் நல்லது என்று நினைத்தேன்.

செல்வி_உணவியல்

சாரதா, நாம் பேசுவது பாலில் கலப்பதைப் பற்றி. டப்பாவில் போட்ட அளவுக்கு வெந்நீர் ஊற்றினால் கிடைப்பது கொழுப்பு எடுத்த சாதாரணப் பால். 100 மில்லியில் 35 கலோரி இருக்கும், முழுக் கொழுப்புள்ள பாலில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. புரதமும் கூடவில்லை. அப்பா மெலிந்துகொண்டிருக்கிறார் என்றால் தண்ணீருக்குப் பதிலாக முழுப் பாலை ஊற்றுங்கள், 100 மில்லிக்கு 10 கிராம் பவுடர். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எடை இறங்கும் வயதானவருக்குப் பாலில் உள்ள கொழுப்பைப் பறிப்பதை அவரும் பெரும்பாலும் விரும்ப மாட்டார்.

சாரதா_ஆர்

அடடா. இத்தனை நாள் தண்ணீரைத்தான் வெள்ளையாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

நடராசன்71

பெரியவர்கள் தரப்பிலிருந்து ஒருவன் பேசுகிறேன். எனக்கே போன வருடம் ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பாலைக் கொடுத்தார்கள். மருமகள் பெரிய டம்ளரில் ததும்பத் ததும்பக் கொண்டுவந்து வைப்பாள். பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். குடிக்காமல் வைத்தால் மனம் கோணுவாளே என்று பாதியைக் குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன். சின்ன கப்பில் கொடுங்கள், கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். அதோடு, பவுடர் வாடை என்று ஒன்று இருக்கிறது. சூடாகக் குடித்தால் அது தூக்கும். எனக்கு ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று கொடுத்த பிறகுதான் இறங்கியது.

செல்வி_உணவியல்

ஐயா சொன்னதுதான் பாதி வேலை. அதைவிட, இதை ஒரு தனிப் பானமாகவே நினைக்க வேண்டியதில்லை. வீட்டில் எங்கெல்லாம் தண்ணீரோ சாதாரணப் பாலோ போகிறதோ அங்கெல்லாம் இந்தப் பால் போகட்டும். மலர் எழுதிய நாளையே எடுத்துக்கொள்கிறேன்.

காலைக் கஞ்சியை 100 மில்லி செறிவாக்கிய பாலில் செய்யுங்கள். ஓட்ஸைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, இறக்கும்போது பாலைச் சேர்த்தால் அடிபிடிக்காது. டீ இரண்டு வேளைக்கும் தலா 100 மில்லி, தண்ணீர் சேர்க்காமல் பாலிலேயே டீத்தூளை லேசாக ஊறவிட்டு வடித்துக் கொடுங்கள். மதியம் உருளைக்கிழங்கு மசியலில் பிசையவோ மாலைச் சூப்பில் கலக்கவோ 100. இரவில் எப்போதும் குடிக்கும் அரை டம்ளர் 100. அரை லிட்டர் தீர்ந்தது. இதுவரை பால் வகையில் அவருக்குக் கிடைத்தது, டீயில் போகும் கொஞ்சத்தையும் சேர்த்து, 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அதில் 7 கிராம் புரதம், 130 கலோரி. இனி 35 கிராமும் 500 கலோரியும். கூடுதலாக ஒரு வாய்கூட ஊட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மெலிந்துவரும் வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதம், 30 கலோரி என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் குறி. 42 கிலோவுக்கு அது 50 கிராமும் 1260 கலோரியும். புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பாலிலேயே முடிந்துவிடுகிறது. கலோரியில் இன்னும் தூரம் இருக்கிறது. அங்கேதான் பாலுவின் வெண்ணெய்க்கு இடம்.

சூப்பில் புளிப்பு இருந்தால் பால் திரிந்துவிடும். தக்காளி சூப் என்றால் அடுப்பை அணைத்து, சற்று ஆறிய பின் கடைசியாகக் கலக்குங்கள்.

இப்போது வயிறு கலங்கியிருப்பதால் உடனே முழு அளவில் இறங்க வேண்டாம். அது அடங்கட்டும். பிறகு அரை லிட்டருக்கு 25 கிராம் போட்டு ஒரு வாரம் கொடுங்கள். உப்புசம் இல்லையென்றால் 50க்குப் போகலாம். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் லாக்டோஸ் நீக்கிய பாலும் பவுடரும் கிடைக்கின்றன. இந்தப் பாலைத் தயிராகத் தோய்த்தாலும் லாக்டோஸ் கொஞ்சம் குறையும், நல்ல கெட்டியாகவும் வரும்.

பாலு_எம்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. ஏன் கொழுப்பு நீக்கிய பவுடர்? முழுப் பால் பவுடர் போட்டால் புரதமும் வரும் கலோரியும் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா?

செல்வி_உணவியல்

நல்ல கேள்வி. அதே 50 கிராம் முழுப் பால் பவுடர் போட்டால் அரை லிட்டரில் 30 கிராம் புரதம், 570 கலோரி. கொழுப்பு நீக்கியதில் 35, 500. நான் முதலாவதாகக் கையில் எடுப்பது கொழுப்பு நீக்கியதைத்தான். பவுடருக்குப் பவுடர் புரதம் அதிகம், மேலே எண்ணெய்ப் படலம் மிதக்காது, வயிறு திம்மென்று ஆகாது. கலோரியை வெண்ணெயில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

முத்து_பராமரிப்பாளர்

செல்வி மேடத்தோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதியோரைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். வெண்ணெயைத் தனியாகப் போடச் சொன்னால் வீடுகளில் இரண்டு நாள் போடுவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். முழுப் பால் பவுடர் என்றால் ஒரே டப்பா, ஒரே வேலை. 5 கிராம் புரதம் குறைந்தாலும் தினமும் உள்ளே போவதுதான் கணக்கு.

ஆனால் எதை வாங்கினாலும் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமில் புரதம் 34 முதல் 36 வரை இருந்தால் அது கொழுப்பு நீக்கிய பால் பவுடர். 25 அளவில் இருந்தால் முழுப் பால் பவுடர். 20 அளவில் இருந்து, கூடவே சர்க்கரை சேர்த்தது என்று போட்டிருந்தால் அது டீ, காபிக்கான பால் வெண்மையூட்டி. அது 5க்கும் கீழே என்றால் வெறும் காபி க்ரீமர், பாலே இல்லாமல் தாவர எண்ணெயும் குளுக்கோஸ் பாகும் கலந்தது. நான் போகும் வீடுகளில் இந்தக் கடைசி இரண்டும்தான் அதிகம் இருக்கும். டப்பா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வெளியே மாட்டின் படம்கூட இருக்கும்!

செல்வி_உணவியல்

முத்து, நடைமுறை என்று பார்த்தால் நீங்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. யார் வீட்டில் எது தவறாமல் நடக்கும் என்பதைப் பொறுத்தது. ஆனால் படுக்கைப் புண், எலும்பு முறிவு, ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் நான் புரதத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்துல்_கே

என் அப்பாவுக்கும் இதே போல் சாப்பாடு குறைவு. ஆனால் அவருக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, டயாலிசிஸ் இன்னும் இல்லை. பாலையே அளந்து கொடு என்கிறார் டாக்டர். இதைப் படித்துவிட்டு அம்மா நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா?

செல்வி_உணவியல்

அப்துல், வேண்டாம். அம்மாவிடம் பொறுக்கச் சொல்லுங்கள். சிக்கல் புரதம் மட்டும் இல்லை. இந்த அரை லிட்டரில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம், பொட்டாசியமும் ஏராளம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கும் பாஸ்பரஸே பெரும்பாலும் அந்த அளவைச் சுற்றித்தான் இருக்கும். அதே சமயம் அவர் மெலிவதையும் சும்மா விடக்கூடாது. உங்கள் சிறுநீரக டாக்டரிடம் உணவியல் நிபுணரைப் பார்க்கச் சீட்டு கேளுங்கள். அவர்களுக்குக் கலோரியைக் கூட்ட எண்ணெய், வெண்ணெய் வழியாக வேறு கணக்கு இருக்கிறது. இங்கே எழுதுவதை வைத்து யாரும் அதைத் தொடங்க வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று சத்தை ஏற்றாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அவர்களை முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். குடிக்கும்போதெல்லாம் இருமுபவர்கள், குரல் ஈரமாக மாறுபவர்கள், அவர்களுக்கும் அப்படித்தான். பவுடர் சேர்ந்தால் பால் கெட்டியாகிவிடும், புரை ஏறாது என்று சிலர் நம்புகிறார்கள். அந்த அளவுக்குக் கெட்டியாகாது.

மலர்க்கொடி

25 கிராம் கணக்கில் ஆரம்பித்துவிட்டோம். குழைத்துக் கலந்ததில் ஒரு கட்டி இல்லை. அத்தையிடம் "புதுப் பால்" என்று எதுவும் சொல்லவில்லை, கஞ்சியிலும் டீயிலும் போகிறது. வயிறு அமைதியாக இருக்கிறது. டீ கொஞ்சம் "கனமாக" இருக்கிறதாம், ஆனால் கப்பை மிச்சம் வைக்கவில்லை. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியில் கஞ்சி கொடுக்கிறேன். அது சரிதானே?

செல்வி_உணவியல்

தண்ணீரில் செய்த கஞ்சிக்கு அரை மணி சரி. இப்போது கஞ்சியில் கால்சியம் நிறைய இருக்கிறது, அது தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கால்சியம் அதிகமுள்ளவற்றை நான்கு மணி நேரம் தள்ளி வைப்பது வழக்கம். காலைக் கஞ்சியைப் பழையபடி தண்ணீரில் செய்து, கொஞ்சம் வெண்ணெய் சேருங்கள். அந்த 100 மில்லியை மதியத்துக்கு மேல் நகர்த்துங்கள். முதல் டீயும் மருந்துக்கு நான்கு மணி நேரம் கழித்தே வரட்டும். இல்லையென்றால் மாத்திரையை இரவில், கடைசி உணவுக்கு மூன்று நான்கு மணி நேரம் கழித்து மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரும்பு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக், எலும்புக்காக வாரம் ஒரு முறை போடும் மாத்திரை, இவற்றுக்கும் பாலுக்கும் ஆகாது. மாத்திரைச் சீட்டை மருந்தாளுநரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே மாதிரி உடையில் எடை பாருங்கள். முதல் மாதம் இறங்காமல் நின்றாலே நல்ல செய்தி. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அது நீர், டாக்டரிடம் போக வேண்டும். பொய்ப்பல் தளர்ந்திருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா, மலச்சிக்கலா என்பதையும் பார்த்துவிடுங்கள். அவற்றைச் சரி செய்யாமல் பாலை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மலர்க்கொடி

பொய்ப்பல்! கீழ் வரிசையை அவர் மதியம் கழற்றி வைத்துவிடுகிறார். கேட்டால் "உறுத்துது" என்கிறார். நாலைந்து வாயோடு நிறுத்துவது அதனாலும் இருக்கலாம். பல் டாக்டரிடம் நேரம் கேட்கிறேன்.

நடராசன்71

பல் ஆளுக்கு ஒரு தொல்லை. சரி, எனக்கு ஒரு சந்தேகம். என் நண்பருக்கு நடுக்குவாதம், லெவோடோபா மாத்திரை போடுகிறார். அவரும் எலும்பும் தோலுமாக இருக்கிறார். அவருக்கு இந்தப் பாலைச் சொல்லலாமா?

செல்வி_உணவியல்

சொல்லலாம் ஐயா, ஆனால் மாத்திரையோடு சேர்த்து வேண்டாம். புரதமும் அந்த மருந்தும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். மாத்திரை போட்டு அரை மணியோ ஒரு மணியோ கழித்துக் குடிக்கலாம். சிலருக்கு அதுவும் போதாது, பகலில் புரதத்தைக் குறைத்து இரவுக்குத் தள்ள வேண்டியிருக்கும். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா, கை கால் எப்போது இறுகுகிறது என்று ஒரு வாரம் நேரத்தோடு குறித்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

முத்து_பராமரிப்பாளர்

நான் பார்க்கும் ஒருவருக்கு இரவுக்குத் தள்ளியதில் மருந்து நன்றாக வேலை செய்தது, ஆனால் இரவில் அவருக்குப் பசியே இருக்காது, பால் அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் பிற்பகல் மாத்திரைக்கும் மாலை மாத்திரைக்கும் நடுவில் 100 மில்லி என்று நின்றது. அதற்கு மேல் கூட்ட இன்னும் வழி தெரியவில்லை. இங்கே யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.